நடுவில் எந்த ஊர்? ஃபிளாய்டு–வார்ஷல் அட்டவணை நிரம்பும் விதம்

பழைய டைரிகளின் கடைசிப் பக்கங்களிலும் சாலை வரைபடங்களின் ஓரத்திலும் ஊர்களுக்கு இடையிலான தூர அட்டவணை ஒன்று அச்சிட்டிருப்பார்கள். மேலே ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். இடப்பக்கமும் அதே பெயர்கள். ஒரு விரலை மேலிருந்து இறக்கி, இன்னொரு விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கிலோமீட்டர் கிடைத்துவிடும்.

அந்த அட்டவணையில் உள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் இடையே நேர்ச்சாலை கிடையாது. பல ஊர்களுக்கு வேறு ஊர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அடுத்தடுத்த ஊர்களுக்கு இடையிலான சாலையின் நீளம் மட்டும் கையில் இருக்கிறது என்றால், மிச்சக் கட்டங்களை எப்படி நிரப்புவது? அதுவும் ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த தூரமே இருக்க வேண்டும் என்றால்?

இந்தக் கேள்விக்குக் கணினியியலில் ஒரு புகழ்பெற்ற விடை உண்டு. அதன் பெயர் ஃபிளாய்டு–வார்ஷல் அல்காரிதம். நிரலாக எழுதினால் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். கல்லூரி மாணவர்கள் அந்த வரிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அதில் வரும் ‘இடைமுனை’ என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். அதைப் புரிந்துகொள்ள ஐந்து ஊர்கள் போதும்.

ஐந்து ஊர்கள், ஆறு சாலைகள்

திருச்சி, கரூர், திண்டுக்கல், மதுரை, ஈரோடு ஆகிய ஐந்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, சாலைத் தூரங்களை ஐந்தின் மடங்குகளாகத் தோராயப்படுத்தி, ஆறு சாலைகளை மட்டும் கணக்கில் கொள்வோம். திருச்சி–கரூர் 80 கி.மீ., திருச்சி–திண்டுக்கல் 100, திருச்சி–மதுரை 135, கரூர்–திண்டுக்கல் 75, கரூர்–ஈரோடு 65, திண்டுக்கல்–மதுரை 65. இவற்றைத் தவிர வேறு சாலையே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அட்டவணையில் இந்த ஆறு எண்களை மட்டும் எழுதுகிறோம். ஓர் ஊரிலிருந்து அதே ஊருக்குத் தூரம் 0. நேர்ச்சாலை இல்லாத இடத்தில் முடிவிலிக் குறி. அதாவது, ‘இப்போதைக்கு வழி தெரியவில்லை’.

| | திருச்சி | கரூர் | திண்டுக்கல் | மதுரை | ஈரோடு |
|---|---|---|---|---|---|
| திருச்சி | 0 | 80 | 100 | 135 | ∞ |
| கரூர் | 80 | 0 | 75 | ∞ | 65 |
| திண்டுக்கல் | 100 | 75 | 0 | 65 | ∞ |
| மதுரை | 135 | ∞ | 65 | 0 | ∞ |
| ஈரோடு | ∞ | 65 | ∞ | ∞ | 0 |

ஐந்து ஊர்களில் பத்து ஜோடிகள். ஆறு ஜோடிகளுக்கு எண் இருக்கிறது, நான்குக்கு இல்லை. ஈரோட்டிலிருந்து மதுரைக்குப் போகும் எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்து, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். ஐந்து ஊர்களுக்கு அது முடியும். எல்லாவற்றுக்கும் இடையே சாலையுள்ள இருபது ஊர்கள் என்று வையுங்கள். ஓர் ஊரில் கிளம்பி, நடுவில் உள்ள 18 ஊர்களையும் ஒருமுறை தொட்டு, கடைசி ஊரை அடையும் வழிகள் மட்டுமே ஏறக்குறைய 64 கோடி கோடி. அதுவும் ஒரே ஒரு ஜோடிக்கு! ஃபிளாய்டு–வார்ஷல் முறை இருபது ஊர்களின் எல்லா ஜோடிகளையும் 8,000 ஒப்பீடுகளில் முடித்துவிடுகிறது. இத்தனைக்கும் அது வழிகளைப் பட்டியலிடுவதே இல்லை.

ஒவ்வோர் ஊராக அனுமதி

அந்த முறை கேட்கும் கேள்வியே வேறு. ‘எந்த வழி குறைவு?’ என்று அது கேட்பதில்லை. ‘இந்த ஓர் ஊரையும் நடுவில் தொட்டுப் போகலாம் என்று இப்போது அனுமதித்தால், எந்தெந்தத் தூரம் குறையும்?’ என்று கேட்கிறது. ஊர்களை ஒரு வரிசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சுற்றாக, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

மேலே உள்ள முதல் அட்டவணை, நடுவில் எந்த ஊரையும் தொட அனுமதியில்லாத நிலை. அதனால்தான் அதில் நேர்ச்சாலைகள் மட்டும் இருக்கின்றன.

முதல் சுற்றில் திருச்சிக்கு அனுமதி. இப்போது ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, திருச்சி வழியாகப் போனால் லாபமா என்று பார்க்கிறோம். கரூர்–மதுரைக் கட்டத்தில் முடிவிலி இருக்கிறது. கரூர்–திருச்சி 80, திருச்சி–மதுரை 135, கூட்டினால் 215. முடிவிலியைவிட 215 குறைவு என்பதால் கட்டத்தில் 215 என்று எழுதுகிறோம். கரூர்–திண்டுக்கல் எப்படி? திருச்சி வழியாகப் போனால் 180 ஆகும். ஏற்கெனவே 75 இருக்கிறது. அதைத் தொடுவதில்லை. ஈரோட்டிலிருந்து திருச்சிக்கே இன்னும் வழி தெரியாததால், ஈரோட்டுக் கட்டங்கள் எதுவும் மாறவில்லை. ஆக முதல் சுற்றில் ஒரே மாற்றம், கரூர்–மதுரை 215.

நெடுஞ்சாலை தெரிந்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பார்கள். கரூரிலிருந்து மதுரைக்கு யாராவது திருச்சி சுற்றிப் போவார்களா? போக மாட்டார்கள்தான். ஆனால் 215 பிழையான எண் அல்ல. ‘நடுவில் திருச்சியை மட்டும்தான் தொடலாம்’ என்ற கட்டுப்பாட்டுக்குள் அதுவே சரியான விடை. திண்டுக்கல்லுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்றில் கரூருக்கும் அனுமதி. இப்போது நடுவில் திருச்சி, கரூர் இரண்டில் எதையும் தொடலாம், இரண்டையும் தொடலாம். இந்தச் சுற்றில்தான் ஈரோட்டுக்குக் கதவு திறக்கிறது. திருச்சி–ஈரோடு 80 + 65 = 145. திண்டுக்கல்–ஈரோடு 75 + 65 = 140. ஈரோடு–மதுரைக்கு, ஈரோடு–கரூர் 65, கரூர்–மதுரை 215, மொத்தம் 280.

இந்த 280-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாம் கூட்டியது இரண்டே எண்கள். ஆனால் வழியில் மூன்று சாலைகள் இருக்கின்றன: ஈரோடு–கரூர், கரூர்–திருச்சி, திருச்சி–மதுரை. கரூர்–மதுரைக் கட்டத்தில் இருந்த 215, முதல் சுற்றிலேயே திருச்சியை உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது. இப்போது கரூரை மட்டும் சேர்த்தால் போதும், திருச்சியும் கூடவே வந்துவிடுகிறது. நீளமான வழிகளை இந்த அல்காரிதம் தேடிப் போவதில்லை. முந்தைய சுற்றின் விடைகளை ஒட்டவைத்தே அவற்றை உருவாக்கிவிடுகிறது.

மூன்றாம் சுற்றில் திண்டுக்கல். கரூர்–மதுரைக் கட்டத்தில் 215 இருக்கிறது. திண்டுக்கல் வழியாக 75 + 65 = 140. பழைய எண் அழிந்து 140 வருகிறது. ஈரோடு–மதுரைக் கட்டத்தில் 280 இருக்கிறது. ஈரோடு–திண்டுக்கல் 140 என்று சென்ற சுற்றில் கண்டுபிடித்தோம். அதோடு திண்டுக்கல்–மதுரை 65 சேர்த்தால் 205. அதுவும் மாறுகிறது. திருச்சி–மதுரைக்குத் திண்டுக்கல் வழி 165 ஆகும். நேர்ச்சாலையின் 135 அதைவிடக் குறைவு, மாற்றமில்லை.

நான்காம் சுற்றில் மதுரைக்கும், ஐந்தாம் சுற்றில் ஈரோட்டுக்கும் அனுமதி கொடுத்துப் பார்த்தால் எந்தக் கட்டமும் மாறுவதில்லை. ஈரோட்டுக்கு ஒரே சாலைதான். உள்ளே போனவர் அதே கரூருக்குத்தான் திரும்ப வேண்டும். அது யாருக்கும் குறுக்குவழியாக இருக்க முடியாது. ஆனாலும் அல்காரிதம் அந்தச் சுற்றைத் தவிர்ப்பதில்லை. வரைபடத்தைப் பார்க்கும் கண் அதற்கு இல்லையே, எண்கள் மட்டும்தானே தெரியும்.

| | திருச்சி | கரூர் | திண்டுக்கல் | மதுரை | ஈரோடு |
|---|---|---|---|---|---|
| திருச்சி | 0 | 80 | 100 | 135 | 145 |
| கரூர் | 80 | 0 | 75 | 140 | 65 |
| திண்டுக்கல் | 100 | 75 | 0 | 65 | 140 |
| மதுரை | 135 | 140 | 65 | 0 | 205 |
| ஈரோடு | 145 | 65 | 140 | 205 | 0 |

ஏன் இது தவறாது?

பாடநூல்கள் ஊரை ‘முனை’ என்றும், நடுவில் அனுமதிக்கப்படும் ஊரை ‘இடைமுனை’ என்றும் சொல்கின்றன. அந்த இடைமுனைக்கு `k` என்று பெயர். `i` கிளம்பும் ஊர், `j` போய்ச் சேரும் ஊர். அட்டவணையை மாற்றும் விதி இவ்வளவுதான்:

`d[i][j] = min(d[i][j], d[i][k] + d[k][j])`

`k`-ஆவது சுற்றில் `i`-இலிருந்து `j`-க்கு ஒரு குறைந்த வழி இருக்கிறது என்றால், அதற்கு இரண்டே வாய்ப்புகள். ஒன்று, அது `k` ஊரைத் தொடாது. அப்படியானால் அதன் தூரம் ஏற்கெனவே கட்டத்தில் இருக்கிறது. இன்னொன்று, அது `k` ஊரைத் தொடும். தொட்டால் ஒரே ஒருமுறைதான் தொடும். ஒரே ஊருக்கு இரண்டு தடவை வந்தால் நடுவில் ஒரு வீண்சுற்று இருக்கிறது என்று பொருள். அதை வெட்டிவிட்டால் தூரம் கூடப்போவதில்லை.

ஒரே ஒருமுறை `k`-ஐத் தொடும் வழியை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிக்கலாம்: `i`-இலிருந்து `k` வரை, `k`-இலிருந்து `j` வரை. இந்த இரண்டு பாதியிலும் நடுவில் வரும் ஊர்களெல்லாம் முந்தைய சுற்றுகளிலேயே அனுமதி பெற்றவை. ஆகவே இரண்டு பாதிகளின் குறைந்த தூரமும் அட்டவணையில் தயாராக இருக்கிறது. கூட்டி ஒப்பிட வேண்டியதுதான் மிச்சம். மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று இல்லாததால் எந்த வழியும் விடுபடுவதில்லை.

ஊர்களை எந்த வரிசையில் வைத்தாலும் கடைசி விடை மாறாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. திண்டுக்கல்லை முதலில் வைத்திருந்தால் கரூர்–மதுரைக்கு எடுத்த எடுப்பிலேயே 140 வந்திருக்கும், 215 என்ற எண் தலைகாட்டியே இருக்காது. இடைநிலை அட்டவணைகள்தான் வேறாகும். எல்லா ஊர்களுக்கும் அனுமதி கொடுத்து முடித்தபின் கட்டுப்பாடு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த நிலையில் உள்ள எண்ணே உண்மையான குறைந்த தூரம்.

கூர்ந்து பார்க்கும் வாசகருக்கு ஒரு சந்தேகம் எழலாம். ஒரே தாளில் அழித்து அழித்து எழுதுகிறோமே, ஒரு சுற்றின் நடுவில் பாதிக் கட்டங்கள் புதியதாகவும் பாதி பழையதாகவும் இருக்குமே, குழப்பம் வராதா? வராது. திண்டுக்கல் சுற்றில் நாம் எடுத்துக் கூட்டும் எண்கள் எல்லாம் திண்டுக்கல்லின் குறுக்கு வரிசையிலும் நெடுக்கு வரிசையிலும் இருப்பவை மட்டுமே. அந்தச் சுற்றில் அவை மாறுவதே இல்லை. ஈரோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குத் திண்டுக்கல் வழியாகப் போவது என்றால், இருக்கும் தூரத்தோடு 0-ஐக் கூட்டுவதுதான். அதனால் இரண்டாவது அட்டவணை தேவைப்படுவதில்லை.

1962-இன் இரண்டு கட்டுரைகள்

அல்காரிதத்தின் பெயரில் இரண்டு அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். ஸ்டீபன் வார்ஷல் 1962 ஜனவரியில் ஏசிஎம் அமைப்பின் ஆய்விதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் தூரமே கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடியுமா முடியாதா என்ற கேள்வி மட்டும்தான். கட்டங்களில் 1 அல்லது 0 இருக்கும். `i`-இலிருந்து `k`-க்கும், `k`-இலிருந்து `j`-க்கும் போக முடியுமென்றால் `i`-`j` கட்டத்தில் 1 போடு என்பதே அவருடைய விதி. இந்த முறை எப்போதும் சரியாக வருமா என்று அவரும் உடன் வேலை பார்த்த ஒருவரும் ஒரு பாட்டில் ரம் பந்தயம் கட்டியதாகவும், வார்ஷல் ஒரே இரவில் நிரூபணத்தோடு வந்து பந்தயத்தை வென்றதாகவும் ஒரு கதை உண்டு.

அதே ஆண்டு ஜூனில் ராபர்ட் ஃபிளாய்டு, ஏசிஎம்-இன் இன்னோர் இதழில், 97-ஆம் எண் அல்காரிதமாகச் சில வரி அல்கால் நிரலை வெளியிட்டார். வார்ஷலின் கட்டுரையை அதிலேயே குறிப்பிட்டு, 1, 0 இருந்த இடத்தில் தூரங்களை வைத்தார். ‘போக முடியும்’ என்பது கூட்டலாகவும் ஒப்பீடாகவும் மாறியது. ஃபிளாய்டு பின்னர் 1978-இல் டூரிங் விருது பெற்றார். இவர்கள் இருவருக்கும் முன்பே, 1959-இல், பிரான்சில் பெர்னார் ருவா இதே கருத்தைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதியிருந்தார். அதனால் சில நூல்கள் மூவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன.

இன்றைய பைத்தான் மொழியில் அந்த முறை இப்படி இருக்கும்:

```python
for k in range(n):
    for i in range(n):
        for j in range(n):
            if d[i][k] + d[k][j] < d[i][j]:
                d[i][j] = d[i][k] + d[k][j]
                via[i][j] = k
```

k எங்கே நிற்க வேண்டும்?

மூன்று சுழல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. இடைமுனையான `k` வெளிச்சுழலில் நிற்கிறது. புதிதாக எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். `i`, `j`, `k` என்று அகரவரிசையில் எழுதிப் பழகிய கை, `k`-ஐ உள்ளே தள்ளிவிடும். பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. `k` வெளியே இருந்தால் ஓர் ஊருக்கு அனுமதி கொடுத்து எல்லா ஜோடிகளையும் பார்க்கிறோம். உள்ளே இருந்தால், ஒரு ஜோடியை எடுத்து எல்லா ஊர்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அந்த நேரத்தில் பாதி வழிகள் தயாராகவே இருப்பதில்லை.

நம் ஐந்து ஊர்களை ஈரோடு, மதுரை, திருச்சி, கரூர், திண்டுக்கல் என்ற வரிசையில் வைத்து, `k`-ஐ உள்ளே தள்ளி ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஈரோடு–மதுரை கட்டம் வருகிறது. கரூர் வழியாகப் போகலாமா? கரூர்–மதுரை இன்னும் முடிவிலி. திண்டுக்கல் வழியாக? ஈரோடு–திண்டுக்கல்லும் முடிவிலி. திருச்சி வழியும் அப்படியே. கட்டம் முடிவிலியாகவே நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு நிரல் மறுபடி வரப்போவதில்லை. ஈரோட்டிலிருந்து மதுரைக்குப் போகவே முடியாது என்று கணினி சொல்லிவிடும்.

இதைவிட ஆபத்தான செய்தி வேறொன்று. அதே தவறான நிரலை, திருச்சி, கரூர், திண்டுக்கல், மதுரை, ஈரோடு என்ற முதல் வரிசையில் ஓட்டினால் எல்லா எண்களும் சரியாகவே வந்துவிடுகின்றன! ஊர்களின் வரிசை தற்செயலாகக் கைகொடுத்ததால் தவறு ஒளிந்துகொள்கிறது. எனவே ஒரே ஓர் உதாரணத்தில் விடை சரியாக வந்தது என்பது நிரல் சரி என்பதற்குச் சான்றாகாது. சோதிக்க எளிய வழி, ஊர்களின் வரிசையைக் கலைத்துப்போட்டு மறுபடி ஓட்டுவது. சரியான நிரலில் ஒரு தூரமும் மாறக் கூடாது. 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூவர் இதில் ஒரு சுவையான முடிவை வெளியிட்டார்கள். சுழல்களின் வரிசையை எப்படி மாற்றி எழுதியிருந்தாலும், அந்தத் தவறான நிரலையே மூன்று தடவை அடுத்தடுத்து ஓட்டினால் விடை சரியாகிவிடும் என்று நிரூபித்தார்கள்.

முடிவிலியை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. சி, சி++, ஜாவா போன்ற மொழிகளில் பலர் 32 பிட் எண்ணின் உச்சமான 2147483647-ஐ முடிவிலியாக வைப்பார்கள். அதோடு 65-ஐக் கூட்டினால் எண் பெரும்பாலும் சுருண்டு −2147483584 ஆகிவிடும். கணினிக்கு அது மிகமிகக் குறைந்த தூரம்! இல்லாத சாலைகளில் எல்லாம் அட்டவணை வழி காட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பதில் 100 கோடியை முடிவிலியாக வைத்தால், இரண்டு முடிவிலிகளைக் கூட்டினாலும் உச்சத்தைத் தாண்டாது. உண்மைத் தூரங்கள் எல்லாம் அதைவிடச் சிறியவையாக இருந்தால் போதும். ஃபிளாய்டின் 1962 நிரலிலும் 10-இன் பத்தாம் அடுக்கு என்ற ஒரு பெரிய எண்தான் ‘வழியில்லை’ என்பதற்கு நின்றது.

தூரம் தெரிந்தது, வழி?

ஈரோடு–மதுரை 205 என்று தெரிந்தால் ஓட்டுநருக்குப் போதாது. எந்த ஊர்கள் வழியாக என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் நிரலின் கடைசி வரியில் `via` என்ற இரண்டாவது அட்டவணை. ஒரு கட்டத்தின் எண் மாறும்போதெல்லாம், எந்த ஊரின் சுற்றில் மாறியது என்பதையும் குறித்துக்கொள்கிறது.

ஈரோடு–மதுரைக் கட்டம் இரண்டு முறை மாறியது. முதலில் கரூர் என்று குறிப்பு. பிறகு அதை அழித்துத் திண்டுக்கல். ஆகவே வழி திண்டுக்கல்லில் இரண்டாகப் பிரிகிறது. ஈரோடு–திண்டுக்கல் கட்டத்தைப் பார்த்தால் கரூர் என்று இருக்கிறது. அதையும் பிரிக்கிறோம். ஈரோடு–கரூர் கட்டத்தில் குறிப்பு எதுவும் இல்லை, நேர்ச்சாலை. கரூர்–திண்டுக்கல்லும் திண்டுக்கல்–மதுரையும் அப்படியே. வழி கிடைத்துவிட்டது: ஈரோடு, கரூர், திண்டுக்கல், மதுரை.

குறிப்பில் உள்ள ஊர், கிளம்பியதும் வரும் முதல் ஊர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வழியின் சரிபாதியில் இருக்கும் ஊரும் அல்ல. அந்த வழியில் உள்ள இடை ஊர்களில் கடைசியாக அனுமதி பெற்ற ஊர் அது. ஊர்களின் வரிசையை மாற்றினால் அதே வழிக்கு வேறு ஊர் குறிப்பாக வரலாம். பிரித்துப் படித்தால் கிடைக்கும் தூரம் மட்டும் மாறாது.

எதிர்ம எண்கள் வரும்போது

சாலையின் நீளம் எதிர்ம எண்ணாக இருக்க முடியாது. செலவு இருக்கலாம். மின்சாரக் கார் கொடைக்கானலிலிருந்து மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கும் ஆற்றல் மின்கலத்துக்குத் திரும்பும். அந்தச் சாலைக்கு மின்செலவு எழுதினால் எதிர்மக் குறி போட வேண்டிவரும். ஓரிடத்திலிருந்து மட்டும் குறைந்த வழி தேடும் டைக்ஸ்ட்ரா முறை இத்தகைய எண்களைக் கண்டால் தவறான விடை தரக்கூடும். ஃபிளாய்டு–வார்ஷலுக்கு அதில் சிக்கல் இல்லை. இறங்கும்போது மிச்சமாவதைவிட ஏறும்போது செலவு அதிகம் என்பதால், சுற்றிவந்தால் மொத்தம் எப்போதும் செலவில்தான் முடியும்.

கணக்கு எழுதியவர் கவனமின்றி, இறங்கும் சாலைக்குரிய −5-ஐ ஏறும் திசைக்கும் எழுதிவிட்டார் என்று கொள்வோம். இப்போது மலையில் ஒருமுறை இறங்கி ஏறினால் −10. நூறு தடவை இறங்கி ஏறினால் −1000. ‘குறைந்த செலவு’ என்று ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. ‘ஒரே ஊருக்கு இரண்டு தடவை வருவது வீண்’ என்ற நம் அடிப்படை வாதம் இங்கே உடைகிறது.

நல்லவேளையாக, இதைக் கண்டுபிடிக்கத் தனி வேலை தேவையில்லை. அட்டவணையின் மூலைவிட்டத்தில் 0 மட்டுமே இருக்க வேண்டும். எல்லாச் சுற்றும் முடிந்தபின் கொடைக்கானல்–கொடைக்கானல் கட்டத்தில் 0-க்குக் கீழே ஓர் எண் இருந்தால், அந்த ஊரைத் தொடும் ஏதோ ஒரு சுற்றில் தொகை எதிர்மமாகிறது என்று பொருள். அங்கே தரவைத் திருத்தாமல், அந்தச் சுற்றைத் தொடக்கூடிய வழிகளின் எண்களை நம்பக் கூடாது.

எதுவரை தாங்கும்?

மூன்று சுழல்களும் ஊர்களின் எண்ணிக்கை அளவுக்கு ஓடுவதால், வேலை அந்த எண்ணின் கனமாக வளர்கிறது. ஐந்து ஊர்களுக்கு 125 ஒப்பீடுகள். தமிழ்நாட்டின் 38 மாவட்டத் தலைநகரங்களுக்கு 54,872. கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆயிரம் ஊர்கள் என்றால் 100 கோடி. சி++ போன்ற மொழியில் எழுதினால் சில விநாடிகளுக்குள் முடியலாம். பைத்தானில் மேலே உள்ளபடியே ஓட்டினால் பல நிமிடங்கள் பிடிக்கும். பத்தாயிரம் ஊர்கள் என்றால் ஒப்பீடுகள் ஒரு லட்சம் கோடியாகிவிடும். தூரங்களை வைக்கவே 10 கோடிக் கட்டங்கள் வேண்டும். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 40 கோடி பைட் நினைவகம்.

லட்சக்கணக்கான சந்திப்புகள் உள்ள உண்மையான சாலை வலையத்துக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே ஒரு சந்திப்பில் மூன்று, நான்கு சாலைகள்தான் கூடுகின்றன. அப்படிச் சாலைகள் குறைவாக உள்ள இடத்தில், ஒவ்வோர் ஊரிலிருந்தும் டைக்ஸ்ட்ராவைத் தனித்தனியே ஓட்டுவதே வேகமானது. ஊர்கள் சில நூறுக்குள் இருந்து, எல்லா ஜோடிகளுக்கும் விடை வேண்டும் என்றால், அல்லது எதிர்ம எண்களும் கலந்து வரும் என்றால், ஃபிளாய்டு–வார்ஷலே எழுதவும் சரிபார்க்கவும் எளிது. டைரியின் கடைசிப் பக்கத்தில் அடங்கும் அளவுள்ள அட்டவணைக்கு வேறு முறை தேட வேண்டியதில்லை.